நாற்பது நொடி ஒலியும் மூன்று வரியும்

"அக்கா, நான் மன்னார்குடி பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு இணையவழியில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் படியான என்5 பாஸ் செய்துவிட்டேன், டிசம்பரில் அடுத்த படியான என்4 எழுதப் போகிறேன். புத்தகத்தில் பார்த்தால் புரிகிறது, காதில் கேட்டால் பிடிபடவில்லை. தினமும் ஒரு சின்ன ஆடியோவைக் கேட்டு மூன்று வாக்கியத்தில் சுருக்கி எழுது என்று சென்செய் சொன்னார். பத்து நாளாக எழுதுகிறேன், முன்னேற்றம் தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?"

தம்பி, உன் நோட்டைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். மூன்று வரி எழுதி முடித்ததும் நீ நோட்டை மூடிவிடுகிறாய் என்று நினைக்கிறேன். கும்பகோணத்தில் மாலை வேளையில் என்னிடம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த மூன்று வரி ஒரு சோதனை மட்டும்தான். காது எந்த இடத்தில் கோட்டை விட்டது என்று அது காட்டும். அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஏன் விட்டது என்று பார்க்கும் பத்து நிமிடத்தில்தான் காது வளர்கிறது. அதைச் செய்யாமல் நூறு நாள் எழுதினாலும் அதே இடத்தில்தான் நிற்போம்.

முதலில் அந்த மூன்று வரியில் என்ன எழுதுவது என்பதைப் பார்ப்போம். "சுருக்கி எழுது" என்று மட்டும் சொன்னால் காதில் விழுந்த மூன்று சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுதிவிடத் தோன்றும். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சுருக்கிச் சொல்வது புதிதே இல்லை. அறுவடை நேரத்தில் "கொள்முதல் நிலையத்துக்குப் போய் நம்ம நெல் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வா" என்று அப்பா அனுப்புவார். அங்கே இருப்பவர் சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, முந்தைய மழையில் எல்லார் நெல்லும் நனைந்துவிட்டது என்று கால் மணி நேரம் பேசுவார். நீ வீட்டுக்கு வந்து சொல்வது இவ்வளவுதான்: "நம்ம நெல்லைப் பத்திக் கேட்டேன். நாளைக்கு எடுக்கிறதா இருந்தாங்க, வியாழக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை காயவச்சு ஈரப்பதத்தை 17க்குள்ள கொண்டுவரச் சொன்னாங்க."

உன் மூன்று வரியும் இதே மாதிரி இருக்கட்டும். யார் யாரிடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது முதல் வரி. முன்பு இருந்தது என்ன, இப்போது மாறியது என்ன, அல்லது சிக்கல் என்ன என்பது இரண்டாவது. இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. முதல் வரியை எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள், ஏனென்றால் இரண்டு பெயர்ச்சொல் காதில் விழுந்தாலே அது கிடைத்துவிடும். மற்ற இரண்டு வரிக்கும் வினைச்சொல்லின் கடைசிப் பகுதி காதில் விழுந்தாக வேண்டும். நீ எழுதப்போகும் தேர்வின் கேட்டல் பகுதியில் முதலில் வரும் கேள்வி வகையும் இதையேதான் கேட்கிறது: இந்த உரையாடலுக்குப் பிறகு இவர் என்ன செய்யப் போகிறார்? அதனால் மூன்றாவது வரியை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதே.

ஒலித்துண்டு எவ்வளவு நீளம் என்று கேட்பாய். உன் நிலைக்கு முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை போதும். இரண்டு பேர் பேசுவதாக இருக்க வேண்டும், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்க வேண்டும். எழுத்து வடிவம் இல்லாத துண்டை இந்தப் பயிற்சிக்கு எடுக்காதே, ஏனென்றால் நீ விட்டது எது என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஜப்பான் பவுண்டேஷன் இலவசமாகக் கொடுக்கும் "இரோதொரி" பாடப்புத்தகம் இதற்குப் பொருத்தம். www.irodori.jpf.go.jp என்ற முகவரியில் பாடமும் ஒலியும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம், ஒலியின் எழுத்து வடிவம் அந்தந்தப் பாடத்தின் கடைசியில் இருக்கும். கடை, வேலையிடம், மருத்துவமனை என்று அன்றாடப் பேச்சாகவே வரும். மூன்று முறை கேட்டும் முதல் வரியைக்கூட எழுத முடியவில்லை என்றால் அந்தத் துண்டு உனக்குக் கனம். ஒரே முறையில் மூன்று வரியும் சரியாக வந்துவிட்டால் அடுத்த புத்தகத்துக்குப் போகலாம்.

கேட்பது மூன்று முறை. முதல் முறை பேனாவைத் தொடாதே. இரண்டாம் முறை எண், பெயர், இடம் மட்டும் குறித்துக்கொள். மூன்றாம் முறை ஒவ்வொரு வாக்கியமும் எப்படி முடிகிறது என்பதை மட்டும் கேள். அப்புறம் ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிடு. வேகத்தைக் குறைத்து வைக்காதே, அந்த மெதுவான வேகத்துக்கே காது பழகிவிடும். வேண்டுமானால் வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்து.

இப்போது ஒரு நோட்டைத் திறந்து காட்டுகிறேன். திருவிடைமருதூரிலிருந்து வரும் ஒரு பெண், நர்சிங் முடித்தவள். நான் எழுதிப் பேசிப் பதிவு செய்த நாற்பது நொடித் துண்டு ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். அலுவலகத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். நாளைய கூட்டத்தின் நேரம் மாறிவிட்டது என்கிறார் ஒருவர். 9 மணிக்கு இல்லை, 10.30க்கு. தாள்களை நகல் எடுக்கட்டுமா என்று மற்றவர் கேட்கிறார். எடுக்க வேண்டியதில்லை, தனாகா ஏற்கெனவே எடுத்துவிட்டார், ஆனால் 8ஆம் தேதிக்குள் அறிக்கையைக் கொடுத்துவிடுங்கள் என்று முதலாமவர் முடிக்கிறார்.

அவள் தமிழில் எழுதியது இது: "நாளைய கூட்டத்தைப் பற்றி இரண்டு பேர் பேசுகிறார்கள். 10.30க்கு இருந்த கூட்டம் 9 மணிக்கு மாறிவிட்டது. தாள்களை நகல் எடுக்கக் கூடாது, 4ஆம் தேதிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்."

பார்த்தாயா? எண்கள் இரண்டும் காதில் விழுந்திருக்கின்றன, கூட்டம், நகல், அறிக்கை எல்லாமே விழுந்திருக்கின்றன. ஆனாலும் மூன்று இடத்தில் தப்பு, மூன்றுமே வேலையைக் கெடுக்கும் தப்பு. அடுத்து எழுத்து வடிவத்தைக் கொடுத்து, தப்பான ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எழுத்து போடச் சொன்னேன். அந்தச் சொல்லே தெரியாது என்றால் "சொ". எழுத்தில் பார்த்தால் தெரிகிறது, காதில் விழவில்லை என்றால் "கா". கேட்டது, தெரியும், ஆனால் பொருளைத் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்றால் "பொ".

9 மணி இல்லை என்று சொல்லும் இடத்தில் வந்த வடிவம் "குஜி கர ஜநகுதே". எடுக்க வேண்டியதில்லை என்ற இடத்தில் வந்தது "ஷினகுதே மோ ஈ". இரண்டிலும் நடுவில் இருப்பது ஒரே "நகுதே" தான், இல்லை என்று சொல்லும் வடிவம். எழுத்தில் பார்த்ததும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஏன் காதில் விழவில்லை? திரும்பத் திரும்ப அந்த இரண்டு நொடியை மட்டும் போட்டுக் கேட்டோம். பேச்சில் அது "நகுதே" என்று வருவதே இல்லை. "நக்தே" என்று வருகிறது. நடுவில் இருக்கும் உகரம் காற்றாகிப் போய்விடுகிறது.

இது பிழையும் இல்லை, அவசரப் பேச்சும் இல்லை. க, ச, த, ப போன்ற வல்லொலிகள் இரண்டுக்கு நடுவில் இகரமோ உகரமோ மாட்டிக்கொண்டாலும், அப்படி ஒரு வல்லொலிக்குப் பிறகு சொல்லின் கடைசியில் வந்தாலும், டோக்கியோ பக்கத்துப் பேச்சில் அதில் குரல் இருக்காது, வாயின் வடிவம் மட்டும்தான் இருக்கும். "தெசு" என்று எழுதுவது "தெஸ்" என்று கேட்பதும், "ஷிமஷித" என்பது "ஷிமஷ்த" என்று கேட்பதும் இதனால்தான். நமக்கு இது புரியாத விஷயமில்லை. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் படித்திருக்கிறோம். பாக்கு, காசு என்னும்போது கடைசி உகரத்தை முழுசாகச் சொல்வதில்லை, அரை அளவுக்குக் குறுக்கிவிடுகிறோம். ஜப்பானியர் அதைச் சொல்லின் நடுவிலும் செய்கிறார்கள், இன்னும் ஒரு படி அதிகமாகக் குறுக்குகிறார்கள், இகரத்தையும் சேர்த்துக் குறுக்குகிறார்கள். இது தெரியாமல் "நகுதே" என்ற மூன்று அசையைத் தேடிக்கொண்டிருக்கும் காதுக்கு "நக்தே" வந்து போனதே தெரியாது. அது போனால் வாக்கியத்தின் "இல்லை" போய்விட்டது. 9 இல்லை 10.30 என்பது தலைகீழாகிவிட்டது.

இதற்கு மருந்து இலக்கணப் புத்தகத்தில் இல்லை. அந்த இரண்டு நொடியை வெட்டி எடுத்துப் பத்து முறை கேட்டு, கூடவே உன் வாயால் அதே மாதிரி சொல்ல வேண்டும். வாய் "நக்தே" என்று சொல்லப் பழகிவிட்டால் காது அதை எதிர்பார்க்கத் தொடங்கும். "கா" போட்ட இடத்துக்கெல்லாம் இதே வேலைதான்.

நகல் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. "இல்லை" என்ற சாயல் மங்கலாக அவள் காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் "எடுக்கக் கூடாது" என்று எழுதினாள். எடுக்கக் கூடாது வேறு, எடுக்க வேண்டியதில்லை வேறு. கூடாது என்றால் "ஷிதே வ இகெமசென்" என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ "மோ ஈ", அதாவது "செய்யாவிட்டாலும் பரவாயில்லை". இதற்குத்தான் "பொ". இரண்டு வடிவத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். பத்து முறை கேட்பது இந்தத் தப்புக்கு உதவாது. தப்பின் வகையைப் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் "இன்னும் நிறைய கேள்" என்று சொல்வதால்தான் பல பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது தப்பு தேதி. 4ஆம் தேதி "யொக்க". 8ஆம் தேதி "யோக". கொடு, கோடு என்று குறில் நெடிலைப் பிரித்துப் பேசி வளர்ந்த நமக்கு இது சுலபமாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனி. நம் கணக்கில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான். ஜப்பானியத்தில் அந்த ஒற்றுக்கும் முழு மாத்திரை. அதனால் "யொக்க" என்பதும் மூன்று தட்டு, "யோக" என்பதும் மூன்று தட்டு. சொல்லின் மொத்த நீளம் ஒன்றாக இருப்பதால் காது ஏமாறுகிறது. வித்தியாசம் நடுத்தட்டில் மட்டும் இருக்கிறது: 4 என்றால் அங்கே அமைதி, 8 என்றால் அங்கே ஓகாரம் தொடர்கிறது. விரலால் மேசையில் மூன்று முறை தட்டிக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார், ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அந்தப் பெண்ணுக்கு ஐந்து நாள் ஆயிற்று.

நம் காதுக்கென்றே இருக்கும் இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ககரத்துக்கு ஒரே எழுத்துதான், ஒலியை இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறோம். பக்கம் என்பதில் வன்மையாகவும் சங்கு என்பதில் மென்மையாகவும் சொல்கிறோம், அது மாறுகிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. ஜப்பானியத்தில் அது மாறினால் சொல்லே மாறிவிடும். கொரியாவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "கன்கொகு". நடுவில் வரும் ககரத்தை, மூக்கொலிக்குப் பின்னால் வருகிறதே என்று நம் வழக்கப்படி "சங்கு" போல மென்மையாக்கிச் சொன்னால் அது சிறைச்சாலை என்று பொருள்படும். "தென்கி" என்பதும் அப்படித்தான். முதல் எழுத்தைத் திண்ணை என்பதில் வரும் தகரம் போலச் சொன்னால் வானிலை, தினம் என்பதில் வரும் தகரம் போலச் சொன்னால் மின்சாரம்.

இதனால்தான் ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளாதே என்று என்னிடம் வருகிறவர்களைக் கடுமையாகவே சொல்கிறேன். இங்கே உனக்கு விளக்குவதற்காக நான் தமிழில் எழுதுகிறேன், உன் நோட்டில் ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவிலேயே எழுது. அதில் அந்த மென்மையைக் காட்ட எழுத்தின் தலையில் இரண்டு சின்னக் கோடு இருக்கும். கேட்கும்போது கோடு உண்டா இல்லையா என்று கை முடிவு செய்ய வேண்டியிருக்கும், அந்தக் கட்டாயமே காதைக் கூர்மையாக்கும். தமிழில் எழுதினால் அந்தக் கேள்வியே எழாது.

அப்படியென்றால் மூன்று வரிச் சுருக்கத்தை எந்த மொழியில் எழுதுவது? இதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. முதல் மூன்று வாரம் தமிழில் எழுது என்பது என் முடிவு. இப்போது சோதிப்பது காதை. ஜப்பானியத்தில் எழுதச் சொன்னால், புரிந்ததில் எழுதத் தெரிந்ததை மட்டும் எழுதுவாய். "எடுக்க வேண்டியதில்லை" என்பதை எழுதத் தெரியாமல் "எடுக்கவில்லை" என்று எழுதிவிடுவாய். அது காதின் தப்பா கையின் தப்பா என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மூன்று வாரம் கழிந்ததும் முதல் வரியை மட்டும் ஜப்பானியத்துக்கு மாற்று, அதுதான் மூன்றிலும் எளிது. இன்னும் இரண்டு வாரம் கழித்து மூன்றாவது வரி. மாற்றமும் சிக்கலும் வரும் இரண்டாவது வரி கடைசியில் வரட்டும். எழுத்து வடிவத்திலிருந்து வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதுவது சுருக்கம் ஆகாது. இரண்டு பேர் பேசியதை ஒருவர் சொல்வதாக மாற்ற வேண்டும்.

இன்னொரு ஆபத்து, இது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் வரும். நான்கு சொல் கிடைத்ததும் மீதியைத் தன் அனுபவத்திலிருந்து நிரப்பிவிடுவார்கள். மருத்துவமனை, காய்ச்சல், மருந்து என்று காதில் விழுந்தால் "மருத்துவர் மூன்று வேளை சாப்பிடச் சொன்னார்" என்று எழுதிவிடுவார்கள். ஒலியில் இரண்டு வேளை என்று இருக்கும். பல நாள் இந்த ஊகம் சரியாகவே அமைந்துவிடும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் சரியாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுதும்போதே நிச்சயமாகக் கேட்டதன் கீழ் கோடு போடு, ஊகித்ததைக் கோடு போடாமல் விடு. கோடு இல்லாத இடங்களை, சரியாக இருந்தாலும், எழுத்து வடிவத்தில் போய்ப் பார். பத்து நாளாக முன்னேற்றம் தெரியவில்லை என்கிறாயே, உன் நோட்டில் இந்த ஊகங்கள் எத்தனை இருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை.

எழுத்து வடிவத்தைப் பார்த்துத் தப்பைப் பிரித்து முடித்ததும், தாளை மூடிவிட்டு முழுத் துண்டையும் இன்னொரு முறை கேள். இப்போது "நக்தே" தானாகக் காதில் வந்து விழ வேண்டும். விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். நான்கு நாள் கழித்து அதே துண்டை ஒரே ஒரு முறை கேட்டு மறுபடி மூன்று வரி எழுது, பழைய வரியைப் பார்க்காமல். அன்று "கா" போட்ட இடம் மறுபடியும் காதில் விழாமல் போய்விட்டால், அதற்குத் திரும்ப அந்த இரண்டு நொடி வைத்தியம் தேவை.

உன்னைப் போல டிசம்பர் தேர்வை வைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. என்4 கேட்டல் பகுதி 35 நிமிடம், ஒவ்வொரு ஒலியும் ஒரே ஒரு முறைதான் வரும். மொத்த மதிப்பெண் 180இல் கேட்டலுக்கு 60, அதில் 19 வாங்காவிட்டால் மற்றவற்றில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. மூன்று முறை கேட்டு எழுதிப் பழகிய காது அங்கே முதல் முறையிலேயே திணறும். அதனால் ஒரு மாதம் போனதும் முறையை மாற்று. முதல் முறை கேட்டதுமே நீல மையில் மூன்று வரியையும் எழுதிவிடு, தெரியாத இடத்தில் வெற்றிடம் விடு. அப்புறம் இன்னும் இரண்டு முறை கேட்டு, மாறுவதைச் சிவப்பு மையில் எழுது. வாரம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் சிவப்பு எந்த வரியில் மிச்சமிருக்கிறது என்று தெரியும்.

இந்தப் பயிற்சியால் ஆகாதவையும் உண்டு. முப்பத்தைந்து நிமிடம் கவனம் சிதறாமல் உட்காரும் பழக்கம் நாற்பது நொடித் துண்டில் வராது. அதற்கு மாதம் இரண்டு முறை முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுத வேண்டும். ஒருவர் கேட்டதும் சட்டென்று பதில் சொல்லும் பழக்கமும் இதில் வராது, அதை வாயால்தான் பழக வேண்டும். தேர்வில் ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பொருத்தமான பதிலைத் தேர்ந்தெடுக்கும் பகுதி ஒன்று உண்டு, அதற்கு இந்த மூன்று வரி ஓரளவுதான் உதவும்.

இன்றைக்குப் புதுத் துண்டு எதையும் கேட்க வேண்டாம். பழைய பத்து நாள் பக்கங்களையும் அவற்றின் எழுத்து வடிவங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தப்புக்கும் "சொ", "கா", "பொ" போட்டு எண்ணிப் பார். எது அதிகம் என்று எனக்கு எழுது, அதை வைத்து அடுத்த பத்து நாளுக்கு எந்தப் பாடங்களின் ஒலியை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.